தன் காற்றிலேயே அமிழும் ஹெலிகாப்டர்



ஹெலிகாப்டரின் என்ஜின் நடுவானில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும், கல்லைப் போல விழும் என்பார்கள். அப்படி விழாது. விமானி உடனே செய்ய வேண்டியதைச் செய்தால், கீழிருந்து மேலே வரும் காற்றே ரோட்டரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழற்சியில் இருக்கும் ஆற்றலைக் கடைசி நொடிகளில் செலவழித்து, பதமாகத் தரையில் இறக்கிவிடலாம். இதற்கு ஆட்டோரொடேஷன் என்று பெயர். பயிற்சி பெறும் ஒவ்வொரு விமானியும் இதைச் செய்து காட்டியே உரிமம் வாங்குகிறார்.

நான் இன்று பேச வந்திருப்பது இதற்கு நேர்மாறான ஒன்றைப் பற்றி. என்ஜினில் கோளாறு இல்லை. ரோட்டர் முழு வேகத்தில் சுழல்கிறது. எரிபொருள் இருக்கிறது, வானிலையும் தெளிவு. விமானி பலத்தைக் கூட்டக் கூட்ட ஹெலிகாப்டர் இன்னும் வேகமாகக் கீழே போகிறது. இந்த நிலைக்குச் சுழல் வளைய நிலை என்று பெயர். என்ஜின் நின்றுபோன ஹெலிகாப்டரில் தப்பிக்கிறவர்கள், நல்ல என்ஜின் ஓடும் ஹெலிகாப்டரில் இதற்குப் பலியாகியிருக்கிறார்கள்.

ஹெலிகாப்டர் எப்படி அந்தரத்தில் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ரோட்டர் மேலே இருக்கும் காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது; அந்தத் தள்ளலின் எதிர்விசைதான் ஹெலிகாப்டரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே அந்தரத்தில் நிற்கும் ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் அடியில், கீழ் நோக்கிப் பாயும் காற்றுத் தூண் ஒன்று எப்போதும் இருக்கும். இதைக் கீழ்க்காற்று என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தக் கீழ்க்காற்று எவ்வளவு வேகமாகப் பாய்கிறது? இதை எளிதாகக் கணக்கிடலாம். நாலு பேர் உட்காரக்கூடிய ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் பயிற்சிக்கும் தனியார் பயணத்துக்கும் பரவலாக ஓடும் ஹெலிகாப்டர் அது. முழுச் சுமையோடு அதன் எடை 1,089 கிலோ. ரோட்டரின் விட்டம் ஏறத்தாழ 10 மீட்டர். அது சுழலும்போது வரையும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 80 சதுர மீட்டர். ஹெலிகாப்டரின் எடையை நியூட்டன் அலகில் எழுதி, அதை வட்டத்தின் பரப்பாலும் காற்றின் அடர்த்தியின் இரு மடங்காலும் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் போதும். கடல் மட்டத்தில் விடை நொடிக்கு 7.4 மீட்டர் என்று வரும். விமானிகளின் அலகில் சொன்னால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,450 அடி. ரோட்டர் வட்டத்தின் வழியாகக் காற்று கீழே இறங்கும் வேகம் இது. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் ஆபத்தின் அளவுகோல் இதுதான்.

பிளேடின் நுனியில் வேறொன்றும் நடக்கிறது. பிளேடின் அடிப்பக்கத்தில் அழுத்தம் அதிகம், மேல்பக்கத்தில் குறைவு. நுனியில் இந்த இரண்டையும் பிரிக்க எதுவும் இல்லாததால், அடியிலிருக்கும் காற்று நுனியைச் சுற்றி மேலே ஏறிச் சுழல்கிறது. ஒவ்வொரு பிளேடும் சுற்றி வரும்போது தன் நுனியிலிருந்து இப்படி ஒரு சுழற்காற்றுக் கயிற்றை விட்டுக்கொண்டே போகிறது. சாதாரணமாக இதனால் பெரிய தீங்கு இல்லை. கீழ்க்காற்று அந்தக் கயிற்றைத் திருகு வடிவில் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது ஹெலிகாப்டர் செங்குத்தாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுழற்காற்றுக் கயிறு கீழே போகிறது, ஹெலிகாப்டரும் அதைத் துரத்திக்கொண்டு கீழே போகிறது. மெதுவாக இறங்கினால் கயிறு முந்திப் போய்விடும். இறங்கும் வேகம் கூடக் கூட, கயிற்றுக்கும் ரோட்டருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. ஒரு கட்டத்தில் கயிறு விலகிப் போக முடியாமல், சுற்றுக்குச் சுற்று ரோட்டரின் விளிம்பிலேயே குவியத் தொடங்குகிறது. பீடி புகைக்கிறவர் உதட்டைக் குவித்து விடும் புகை வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். அது தன்னைத்தானே உள்ளும் புறமுமாகச் சுருட்டிக்கொண்டே போகும். அதே வடிவத்தில், 10 மீட்டர் விட்டமுள்ள காற்று வளையம் ஒன்று ரோட்டரின் விளிம்பைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. ரோட்டர் கீழே தள்ளிய காற்று விளிம்புக்கு வெளியே சுற்றி மேலே ஏறி, மறுபடி ரோட்டருக்குள்ளேயே இறங்குகிறது. 1951இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ட்ரீஸும் ஹெண்டலும் காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டு இந்த வளையத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி படமெடுத்துக் காட்டினார்கள்.

வளையம் உருவானபின் தூக்குவிசை ஏன் போகிறது என்பதை நுனி, நடு என்று இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். நுனியருகே பிளேடு செய்யும் வேலையெல்லாம் அதே காற்றை வட்டமாகச் சுற்றிவிடுவதில் போய்விடுகிறது. புதிய காற்றைக் கீழே தள்ளினால்தானே எதிர்விசை கிடைக்கும்? இங்கே சுற்றிய காற்றே சுற்றுகிறது. நடுப்பகுதியில் நடப்பது வேறு. ஆர்44இன் பிளேடு நுனி நொடிக்கு ஏறத்தாழ 215 மீட்டர் வேகத்தில் போகிறது. ஆனால் மையத்திலிருந்து கால் பங்கு தூரத்தில் இருக்கும் பகுதியின் வேகம் அதில் கால் பங்குதான். ஹெலிகாப்டர் இறங்குவதால் கீழிருந்து நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வந்து மோதினால், நுனியில் காற்று தாக்கும் கோணம் ஒன்றேகால் பாகைபோல மாறும். உட்பகுதியிலோ 5 பாகைக்கு மேல் மாறிவிடும். எந்தச் சிறகும் ஓரளவு கோணம் வரைதான் காற்றைத் தாங்கும். அதைத் தாண்டினால் மேல்பரப்பில் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துகொண்டு போய்விடும், தூக்குவிசை சரியும். விமானிகள் இதை ஸ்டால் என்கிறார்கள். ரோட்டரின் நடுப்பகுதி இப்படி ஸ்டால் ஆகத் தொடங்குகிறது. வெளிவிளிம்பில் வளையம், உள்ளே ஸ்டால். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு பட்டைதான் உருப்படியாக வேலை செய்கிறது. அந்தப் பட்டையும் குறுகிக்கொண்டே வருகிறது.

இப்போது அந்த 7.4 மீட்டருக்கு வருவோம். செங்குத்தாக இறங்கும் வேகம் கீழ்க்காற்றின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை எட்டும்போது நடுக்கம் தொடங்குகிறது. முக்கால் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்கு வரை மிகக் கெட்ட பகுதி. ஆர்44க்கு இதைப் போட்டுப் பார்த்தால், நிமிடத்துக்கு 700 அடி வாக்கில் அறிகுறி, 1,000 அடியைத் தாண்டினால் ஆபத்து. இவை ஒரே கோடாகக் கிழிக்கக்கூடிய எல்லைகள் அல்ல. காற்றோட்டம் இந்தப் பகுதியில் அவ்வளவு குழம்பிக் கிடப்பதால், நான் மேலே போட்ட எளிய கணக்கு முறையே இங்கே செல்லாது. சோதனையில்தான் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் பயிற்சி நூல்கள் பாதுகாப்பாக நிமிடத்துக்கு 300 அடி என்ற எண்ணைச் சொல்லித் தருகின்றன. முன்வேகம் இல்லாதபோது அதற்கு மேல் வேகமாக இறங்காதே என்பது அதன் பொருள்.

கீழ்க்காற்றின் வேகத்தைப்போல இரு மடங்கு வேகத்தில் இறங்கினாலோ சுழல் வளையம் இருக்காது. அப்போது காற்று முழுவதும் கீழிருந்து மேலாக ரோட்டரை ஊடுருவிப் போகும்; வளையம் உட்கார இடமில்லை. நான் முதலில் சொன்ன ஆட்டோரொடேஷன் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. மெதுவாக இறங்குவது பத்திரம், மிக வேகமாக இறங்குவதும் ஒருவகையில் பத்திரம். நடுவில் இருக்கும் வேகம்தான் கொல்லும். வேகமாகப் போவதுதான் ஆபத்து, நிதானமாகப் போனால் ஒன்றும் ஆகாது என்ற நம் பொதுப்புத்தி இந்த இடத்தில் உதவாது.

இந்த நிலை வர மூன்று காரணங்கள் சேர வேண்டும். ஹெலிகாப்டர் செங்குத்தாகவோ ஏறத்தாழச் செங்குத்தாகவோ இறங்க வேண்டும். முன்வேகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ரோட்டருக்கு என்ஜின் பலம் போய்க்கொண்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் வளையம் நிற்காது. இவற்றில் என் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது முன்வேகத்தைத்தான். ஹெலிகாப்டர் 20 நாட் வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருந்தால், விளிம்பில் குவியப் பார்க்கும் சுழற்காற்றை விட்டுவிட்டுப் புதிய காற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கும். ஆர்44இன் கீழ்க்காற்று 14 நாட் வேகம் கொண்டது. முன்வேகம் அதற்கு மேல் இருக்கும்வரை வளையம் உட்காருவது கடினம்.

சிக்கல் என்னவென்றால், இங்கே கணக்கில் வருவது தரையைப் பொறுத்த வேகம் அன்று, காற்றைப் பொறுத்த வேகம். பின்னாலிருந்து 10 நாட் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய மைதானம் ஒன்றில் இறங்க வருகிறார் விமானி. ஜன்னல் வழியே பார்த்தால் தரை 18 நாட் வேகத்தில் நகர்கிறது. காற்றைப் பொறுத்தவரை அவர் வேகம் 8 நாட்தான். அவருக்கோ, இறங்க வேண்டிய இடம் வேகமாக நெருங்குவதாகவும், தான் இன்னும் உயரத்தில் இருப்பதாகவும் தோன்றுகிறது. மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கிறார். இடது கையிலிருக்கும் காலெக்டிவைத் தாழ்த்தி இறக்கத்தைக் கூட்டுகிறார். தரைவேகம் 10 நாட்டுக்கு வந்த நொடியில் காற்றைப் பொறுத்து அவர் அசையாமல் நிற்கிறார். கீழ்நோக்கி மட்டும் நிமிடத்துக்கு 700 அடியில் போய்க்கொண்டிருக்கிறார். இறக்கம் அதிகமாகிவிட்டதே என்று காலெக்டிவை மேலே இழுக்கிறார். செங்குத்து இறக்கம், முன்வேகம் இல்லை, என்ஜின் பலம்: மூன்றும் சேர்ந்துவிட்டன. இதே மைதானத்துக்கு எதிர்க்காற்றில் வந்திருந்தால், அதே தரைவேகத்தில் அவருக்கு 20 நாட்டுக்குக் குறையாத முன்வேகம் இருந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது.

காலெக்டிவ் என்பது எல்லா பிளேடுகளின் கோணத்தையும் ஒரேயடியாகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் நெம்புகோல். ஹெலிகாப்டர் இறங்கினால் அதை மேலே இழு, ஏறினால் தாழ்த்து என்பது முதல் நாளிலிருந்து விமானியின் கையில் ஊறிப்போன பழக்கம். மற்ற எல்லா நேரத்திலும் அது சரி. வளையத்துக்குள் மட்டும் அது தலைகீழ். பிளேடின் கோணத்தைக் கூட்டினால் நுனியின் சுழற்காற்று வலுவடைகிறது, வளையம் பருக்கிறது. ஏற்கெனவே ஸ்டாலின் விளிம்பில் இருந்த உட்பகுதி முழுதாக ஸ்டாலுக்குள் போகிறது. இறக்கம் இன்னும் கூடுகிறது. பயந்துபோன கை இன்னும் இழுக்கிறது. முற்றிய நிலையில் இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 6,000 அடியை நெருங்கலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சி நூல் சொல்கிறது. நொடிக்கு 100 அடி. இறங்க வருகிறவர் 300 அடி உயரத்தில் இருந்தால் மீதமிருப்பது மூன்றே நொடி.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். மலை உச்சியிலோ கடும் வெயிலிலோ, அளவுக்கு மீறிய சுமையோடு இறங்கும்போது, என்ஜினின் முழு பலமும் போதாமல் ஹெலிகாப்டர் தணிந்து தரையில் மோதுவதும் உண்டு. அது வளையம் அன்று, பலப்பற்றாக்குறை. அங்கே பலம் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். வளையத்தில் பலம் இருந்தும் பயனில்லை. விபத்துச் செய்திகளில் இரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துபோகின்றன.

அறிகுறிகள் உடலுக்குத் தெரியும். சாதாரணமாக ஒரு சீராக இருக்கும் அதிர்வு தாறுமாறாகும். வளையம் சீராக நிற்பதில்லை. ஒரு பக்கம் உடைந்து பறக்கும், மறுபக்கம் கூடும். அதனால் ஹெலிகாப்டர் விமானி கேட்காமலேயே இப்படியும் அப்படியும் சாயும், மூக்கு திரும்பும். வலது கையிலிருக்கும் சைக்ளிக் தண்டு மந்தமாகும். இறக்கத்தைக் காட்டும் மானி கொஞ்சம் தாமதித்தே காட்டும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இருக்கை அடியிலிருந்து நழுவுவதுபோல் தோன்றி, காலெக்டிவை இழுத்தும் அந்த உணர்வு மாறவில்லையென்றால், அது வளையம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஆதாரம் தேடக் கூடாது.

வெளியே வருவது எப்படி? பல பத்தாண்டுகளாகக் கற்பிக்கப்பட்ட வழி இது. சைக்ளிக்கை முன்னே தள்ளு, மூக்கைத் தாழ்த்து, காலெக்டிவைக் கொஞ்சம் குறை, முன்வேகம் எடு, வளையத்தை விட்டு வெளியே வந்ததும் பலத்தைக் கூட்டி ஏறு. ஆராய்ந்து பார்த்தால் இதில் தவறில்லை. காலெக்டிவைக் குறைத்தால் வளையம் வலுவிழக்கும், உட்பகுதி ஸ்டாலிலிருந்து மீளும், முன்வேகம் வளையத்தைப் பின்னே விட்டுவிடும். உயரம் இருந்தால் இது வேலை செய்கிறது. ஆனால் மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்க நேரம் பிடிக்கும். அதற்குள் சில நூறு அடி போய்விடும். வளையம் பிடிப்பதோ பெரும்பாலும் இறங்க வரும்போது, கட்டடத்துக்கும் மரத்துக்கும் நடுவே. அங்கே அந்தச் சில நூறு அடி கிடையாது.

சுவிட்சர்லாந்தின் விமானி கிளோட் வ்யுஷார் வேறொரு வழியை முறைப்படுத்திச் சொல்லித் தந்தார். ஆல்ப்ஸ் மலைகளில் கயிற்றில் சுமை தொங்கவிட்டு நேர்க்கீழாக இறக்குகிறவர்கள் நிறைந்த நாடு அது. அந்த வேலையில் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அன்றாடம் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் வழியில் முன்னே போவதில்லை, பக்கவாட்டில் போகிறோம். மேலிருந்து பார்க்கும்போது ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும் ஹெலிகாப்டர் என்று வைத்துக்கொள்வோம். ராபின்சன் அப்படித்தான் சுற்றுகிறது. விமானி மூன்று கட்டுப்பாடுகளையும் ஒன்றாக அசைக்கிறார். காலெக்டிவை மேலே இழுத்து, புறப்படும்போது கொடுக்கும் பலத்தைக் கொடுக்கிறார். மூக்கு திரும்பாமலிருக்க இடது பெடலை அழுத்துகிறார். சைக்ளிக்கை வலப்பக்கம் சாய்த்து, 10 முதல் 20 பாகை வரை ஹெலிகாப்டரைச் சரிக்கிறார். சில நொடிகளில் ரோட்டர் பக்கவாட்டில் நகர்ந்து வளையத்தின் வெளிவிளிம்புக்கு வந்துவிடுகிறது. வளையத்தில் வெளிவிளிம்பின் காற்று மேல் நோக்கிப் போகிறது என்று முன்பே சொன்னேன். இவ்வளவு நேரம் எதிரியாக இருந்த அந்தக் காற்றே இப்போது பிளேடைத் தாங்குகிறது. இறக்கம் நிற்கிறது.

காலெக்டிவை இழுக்கவே கூடாது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, இப்போது இழுக்கச் சொல்கிறேனே என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. வேலை செய்வது வால் ரோட்டர். காலெக்டிவை இழுத்தால் என்ஜினின் முறுக்கு கூடி, ஹெலிகாப்டரின் மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க இடது பெடலை அழுத்தும்போது, வால் ரோட்டர் ஹெலிகாப்டரை வலப்பக்கம் தள்ளுகிறது. சாய்வும் அதே பக்கம். இரண்டும் கூட்டுச் சேர்ந்து ரோட்டரை வளையத்திலிருந்து பக்கவாட்டில் இழுத்துவிடுகின்றன. ஆர்44இல் போக வேண்டியது ரோட்டரின் ஒரு விட்ட தூரம்கூட இல்லை. நேரத்தில் தொடங்கினால் இழக்கும் உயரம் 20 முதல் 50 அடிதான். பிரெஞ்சு, ரஷ்ய ஹெலிகாப்டர்களில் ரோட்டர் கடிகாரத் திசையில் சுற்றும். நம் விமானப்படையின் சீட்டா, எம்ஐ-17 இரண்டும் அந்த வகை. அவற்றில் இடப்பக்கம் சாய்த்து வலது பெடலை அழுத்த வேண்டும். 2019இல் வந்த பதிப்பில் அமெரிக்கப் பயிற்சி நூலும் இந்த முறையைப் பழைய முறையோடு சேர்த்துக்கொண்டது.

இதற்கும் எல்லை உண்டு. கூட்டுவதற்குப் பலம் மிச்சமிருக்க வேண்டும். மலையில் முழுச் சுமையோடு இருக்கும்போது அது இல்லாமல் போகலாம். பக்கவாட்டில் இடம் வேண்டும். வளையம் முழுதாக முற்றிய பின் எவ்வளவு பயன்படும் என்பதில் விமானிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. என் கருத்தில் இதன் பெரிய லாபம் தொடக்கத்திலேயே கிடைக்கிறது. முதல் நடுக்கத்திலேயே கை தானாக இதைச் செய்யும்படி பழகியிருந்தால், வளையம் முற்றவே நேரம் இருக்காது.

இப்போது ஒரு விபத்தைச் சற்று விரிவாகச் சொல்லப்போகிறேன். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மரானா என்ற ஊரின் விமான நிலையம். மரைன் படை, மக்களை மீட்டுக்கொண்டு வருவதுபோல ஒரு ஒத்திகை நடத்துகிறது. வந்துகொண்டிருந்தவை வி-22 ஆஸ்ப்ரே ரக விமானங்கள். சிறகின் இரு முனைகளிலும் பெரிய ரோட்டர்கள். அவற்றை மேல்நோக்கித் திருப்பினால் ஹெலிகாப்டர், முன்னோக்கித் திருப்பினால் விமானம்.

இரண்டு ஆஸ்ப்ரேக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க வந்தன. இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில் வந்துவிட்டதால் செங்குத்தாக இறங்க வேண்டியிருந்தது. விமானிகளின் கண்ணில் இரவுப்பார்வைக் கண்ணாடி. பின்னால் வந்தவரின் கவனம் முன்னால் போகிறவரைவிட்டு விலகாமல் இருப்பதில் இருந்தது. 40 நாட்டுக்குக் குறைந்த வேகத்தில் நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கக் கூடாது என்று விதி இருந்தது. பின்னால் வந்த விமானம் 2,000 அடியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்ப்ரே கனமானது, அதன் ரோட்டர்களோ எடையை ஒப்பிட்டால் சிறியவை. அதனால் அதன் கீழ்க்காற்று மிக வேகமானது. 20 டன் எடைக்கு ஆர்44க்குப் போட்ட அதே கணக்கைப் போட்டால் நொடிக்கு 19 மீட்டருக்கு மேல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,800 அடி வருகிறது. 2,000 அடி இறக்கம் என்பது அதில் பாதியைச் சற்றே தாண்டியது. சாதாரண ஹெலிகாப்டருக்கு அறிகுறி தொடங்கும் இடம் அது. ஆனால் ஆஸ்ப்ரேக்கு இரண்டு ரோட்டர்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இரண்டும் ஒரே நொடியில் வளையத்துக்குள் போவதில்லை. வலது ரோட்டர் முதலில் போனது. வலப்பக்கம் தூக்குவிசை இழந்தது, இடப்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. விமானம் வலப்பக்கம் உருளத் தொடங்கியது.

உருளும் விமானத்தை நிமிர்த்த எந்த விமானியும் தண்டை இடப்பக்கம் தள்ளுவார். ஆஸ்ப்ரேயில் அப்படித் தள்ளினால் வலது ரோட்டரின் பிளேடுகளுக்குக் கோணம் கூடும். வலது பக்கத்தை உயர்த்த அதுதான் வழி. ஏற்கெனவே வளையத்தில் சிக்கிய ரோட்டருக்குக் கோணத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு நேரம் பார்த்துவிட்டோம். காலெக்டிவை இழுக்கும் அதே பழக்கத்தின் விளைவு இங்கே பக்கவாட்டில் வந்தது. வலது ரோட்டர் இன்னும் ஆழமாகச் சிக்கியது. விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து மூக்கு குத்தித் தரையில் விழுந்தது. உள்ளே இருந்த 19 மரைன் வீரர்களும் இறந்தார்கள்.

விபத்துக்குப் பிறகு வெளிவந்த செய்திகளில் விமானிகளின் தவறு என்பதே மேலோங்கி நின்றது. அவர்கள் விதியை மீறி இறங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் இந்த விமானத்தில் வளையம் எப்படித் தொடங்கும், ஒரு பக்கம் மட்டும் போனால் என்ன நடக்கும் என்பதை அதுவரை முழுமையாகச் சோதித்திருக்கவில்லை. திட்டமிட்டிருந்த சோதனைகளில் ஒரு பகுதி செலவும் காலமும் கருதிக் கைவிடப்பட்டிருந்தது. எல்லையைத் தாண்டுகிறாய் என்று விமானியை எச்சரிக்கும் கருவி எதுவும் விமானத்தில் இல்லை. 800 அடி என்பது கையேட்டில் எழுதியிருந்த ஒரு எண். அதை மீறினால் கொஞ்சம் கடினமாகத் தரையிறங்குமா, தலைகீழாகக் கவிழுமா என்று அந்த எண் சொல்லவில்லை.

அதன்பின்தான் உயரத்தில் வைத்து, வேண்டுமென்றே வளையத்துக்குள் நுழைந்து நுழைந்து சோதித்தார்கள். ஆஸ்ப்ரேக்கு மட்டுமே உரிய ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. விமானியின் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சுவிட்சை இரண்டு நொடி அழுத்தி, இரண்டு ரோட்டர்களையும் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்த்துவிட்டால் போதும். ரோட்டர்கள் வளையத்தை விட்டு முன்னே நழுவிவிடும். எல்லையைத் தாண்டினால் விளக்கும் ஒலியும் எச்சரிக்கும்படி கருவி பொருத்தப்பட்டது. இறந்த விமானிகள் இருவரின் மனைவியரும், அவர்களுக்குத் துணையாக நின்ற வட கரோலினா நாடாளுமன்ற உறுப்பினர் வால்டர் ஜோன்ஸும் பல ஆண்டுகள் போராடினார்கள். 2016இல்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் ராபர்ட் வொர்க், இந்த விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு, விமானிகளின் தலையில் பழியைப் போடுவது சரியன்று என்ற முடிவை எழுத்தில் தந்தார். பதினாறு ஆண்டுகள் ஆயின.

இந்த அரங்கில் ஹெலிகாப்டர் பயிற்சியில் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் சிலர் இருப்பதாகச் சொன்னார்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தரையிலிருந்து 1,000 அடிக்குக் குறையாத உயரத்தில், ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வளையத்துக்குள் போய் வெளியே வாருங்கள். ஒரு முறை போதாது. முதல் நடுக்கத்திலேயே கை பக்கவாட்டில் போகும்வரை செய்யுங்கள். இறங்க வரும் ஒவ்வொரு முறையும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்பதை மூக்கைத் தூக்குவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள். பின்னாலிருந்து வீசினால் வெட்கப்படாமல் சுற்றிப் போய் எதிர்க்காற்றில் மறுபடி வாருங்கள். உயரம் அதிகமாக இருந்தால் அதைச் செங்குத்தாக இறங்கிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அதற்கும் ஒரு சுற்றுப் போய்வருவதே வழி.